பத்துச் சம்பளத்தில் பன்னிரண்டு தவணை

கேள்வி: ஐயா, மட்டக்களப்பில் ஒரு தனியார் ஆங்கில மொழிப் பாடசாலையில் கடந்த செப்டெம்பரில் ஆசிரியையாகச் சேர்ந்தேன். மாதம் 66,000 ரூபாய். சேமலாப நிதி கழித்து 60,720 கைக்கு வரும். ஜூலை மாதம் சம்பளம் விழவில்லை. அலுவலகத்தில் கேட்டபோது கிளார்க் பிள்ளை என் ஒப்பந்தத்தின் இரண்டாம் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். ஆண்டுக்கு 660,000 ரூபாய், செப்டெம்பர் முதல் ஜூன் வரை பத்துச் சமத் தவணைகளில் என்று இருந்தது. கீழே என் கையெழுத்து. ஆடி அமாவாசைக்கு மாமாங்கம் வந்த மச்சாள் குடும்பம் வீட்டில் நிற்க, நான் சங்கிலியை 80,000 ரூபாய்க்கு அடகு வைத்துவிட்டு வந்தேன்.

வீட்டுச் செலவு 28,000, தம்பியின் ஆட்டோ லீசிங் 16,500 (அவனிடம் சம்பளச் சீட்டு இல்லாததால் என் பெயரில் எடுத்தது), அம்மாவின் மருந்து 5,000, பிள்ளைகளின் டியூசன் 4,500, பஸ் 3,500. கணவர் மேசன் வேலை. அவர் காசு வீட்டின் பின்பக்கம் கட்டுவதற்கே போகிறது. பாடசாலை என்னை ஏமாற்றிவிட்டதா? விடுமுறைக் காலத்துக்கு என்று மாதம் 8,000 கட்டும் காப்புறுதிச் சேமிப்புத் திட்டம் ஒன்றைத் தோழி சொல்கிறார். சேரலாமா?
- ஓர் ஆசிரியை, ஆரையம்பதி

பதில்: ரீச்சர், பாடசாலை உங்களை ஏமாற்றவில்லை. சேரும்போது வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், அது அவர்கள் பிழை. ஆனால் கணக்கில் உங்களுக்கு நட்டம் எதுவும் இல்லை. உண்மையில் அவர்கள் உங்கள் காசை முன்கூட்டியே தருகிறார்கள். ஆண்டுச் சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்தால் மாதம் 55,000. நீங்கள் பெப்ரவரி முடிவில் வேலையை விட்டிருந்தால் அந்த ஆறு மாதத்தில் 330,000 வந்திருக்கும். பத்தாகப் பிரித்ததால் 396,000 வந்திருக்கிறது. மீதி 66,000 ஜூலைக்கும் ஓகஸ்டுக்கும் உரிய காசின் ஒரு பங்கு. அது உங்கள் கைக்கு வந்து, உங்கள் கையாலேயே செலவாகிவிட்டது.

சரி, எங்கே போனது என்று பார்ப்போம். நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் மாதம் 57,500. கைக்கு வரும் 60,720இல் இதைக் கழித்தால் 3,220 மிஞ்சும். சமாளிக்கிறோம் என்ற நினைப்பு இதனால்தான் வந்திருக்கிறது. ஆனால் செலவுக்குப் பன்னிரண்டு மாதம். வருடத்துக்கு 690,000 வேண்டும், வருவது 607,200. இடைவெளி 82,800. நீங்கள் அடகு வைத்த தொகையைப் பாருங்கள், 80,000. ஜூலையில் திடீரென்று வந்த தட்டுப்பாடு அல்ல இது. முதல் சம்பளத்திலேயே தொடங்கிய பற்றாக்குறை, பத்து மாதம் மறைந்திருந்து ஜூலையில் வெளியே வந்திருக்கிறது.

உங்கள் உண்மையான மாத வருமானம் 60,720 அல்ல, 50,600. சம்பளச் சீட்டில் முதல் எண்தான் இருக்கும், லீசிங் கம்பனியும் அதைத்தான் பார்த்தது, தம்பியும் அதைத்தான் கேட்டிருப்பார். "அக்காவுக்கு அறுபத்தாறு" என்று வீட்டில் ஒருமுறை சொல்லிவிட்டால் போதும், ஒவ்வொருவரும் தங்கள் தேவையை அந்த எண்ணுக்கு அளந்து தைப்பார்கள். பத்து மாதச் சம்பளக்காரர் பன்னிரண்டு மாதமும் கட்ட வேண்டிய எதையும் ஐந்தில் ஒரு பங்கு கூட்டித்தான் பார்க்க வேண்டும். 16,500 ரூபாய்த் தவணை உங்கள் சம்பள மாதங்களில் 19,800 ரூபாய்க்குச் சமம். அந்த எண்ணைக் கேட்டிருந்தால் கையெழுத்துப் போட்டிருப்பீர்களா?

ஆகவே, உங்கள் கேள்வியில் அடைப்புக்குறிக்குள் வைத்த விஷயத்தைத்தான் நான் முதலில் எடுக்கிறேன். லீசிங் உங்கள் பெயரில் இருப்பதால் தம்பி உதவி பெறுகிறவர், கடன்காரர் நீங்கள். தவணை தவறினால் தாமதக் கட்டணம் உங்களுக்கு. தொடர்ந்து தவறினால் வண்டியைத் தூக்குவார்கள், அத்தோடு கிரிப் எனப்படும் கடன் தகவல் பணியகத்தின் அறிக்கையில் உங்கள் பெயருக்கு நேரே அது பதிவாகும். நாளை வீட்டை முடிக்க நீங்கள் கடன் கேட்கும்போது வங்கி அதைத்தான் முதலில் எடுத்துப் பார்க்கும். ஆட்டோ ஓடி உழைப்பது தம்பிக்கு, அதற்கு உத்தரவாதம் உங்கள் கழுத்துச் சங்கிலி. இது எந்த ஊர் நியாயம்?

தம்பியைக் கைவிடச் சொல்லவில்லை. ஆனால் மாதக் கடைசியில் "ஏழாயிரம் தா" என்று கேட்டால் அவரிடம் இருக்காது, ஏனென்றால் ஆட்டோக்காரரின் வருமானம் நாள் வருமானம். நாளுக்கு முந்நூறு என்று கேளுங்கள். மாதத்தில் 25 நாள் ஓடினால் 7,500. வருடத்துக்கு 90,000. உங்கள் 82,800 இடைவெளியை இது ஒன்றே மூடிவிடுகிறது, கொஞ்சம் மிஞ்சவும் செய்கிறது. முழுத் தவணையையும் அவரே கட்டுவதென்றால் நாளுக்கு 660. ஆறு மாதத்தில் அங்கே போக வேண்டும் என்று இப்போதே சொல்லிவையுங்கள். மாலையில் வண்டியை நிறுத்தும்போது காசு அம்மாவின் கையில் போகட்டும். உங்களிடம் தருவதென்றால் "நாளைக்கு அக்கா" என்பார், அம்மாவிடம் அப்படிச் சொல்வது கஷ்டம். ஒரு கொப்பியில் திகதியும் தொகையும் எழுதுங்கள்.

அப்புறம், செப்டெம்பர்ச் சம்பளம் விழும் அன்றே 10,120 ரூபாய் வேறொரு கணக்குக்குப் போக வேண்டும். வங்கியில் நிலையியற் கட்டளை கொடுத்தால் அவர்களே மாற்றிவிடுவார்கள், அந்தக் கணக்குக்கு ஏ.டி.எம். அட்டை வாங்காதீர்கள். பத்து மாதத்தில் 101,200 சேரும், ஜூலையில் பாதி, ஓகஸ்டில் பாதி எடுத்தால் அதே 50,600. ஆசிரியைகள் சேர்ந்து சீட்டுப் பிடித்தால் என்ன என்று கேட்பீர்கள். எல்லோருக்கும் காசு வேண்டியது ஜூன் கடைசியில்தான், எல்லோரும் கடைசிச் சீட்டையே கேட்டால் முதல் சீட்டை யார் எடுப்பது?

அந்தக் காப்புறுதித் திட்டத்துக்கு வருகிறேன். மாதம் 8,000, பன்னிரண்டு மாதமும். சம்பளம் இல்லாத ஜூலையிலும் கட்ட வேண்டும், ஓகஸ்டிலும் கட்ட வேண்டும். சம்பளமில்லாத மாதங்களுக்காகச் சேர்க்கும் திட்டத்துக்குச் சம்பளமில்லாத மாதங்களிலும் கட்டு என்பது நல்ல பகிடி. இதற்கு மேல், இத்தகைய நீண்டகாலத் திட்டத்தை முதல் சில வருடங்களில் நிறுத்தினால் கட்டியதில் பெரும்பகுதி திரும்பி வராது. உங்களுக்குக் காசு வேண்டியது பதினைந்து வருடம் கழித்து அல்ல, அடுத்த ஜூலையில். தோழி கோபித்தால் கோபிக்கட்டும். அவருக்குத் தரகு கிடைக்குமா என்று மட்டும் மெல்லக் கேட்டுப் பாருங்கள்.

சங்கிலி. வட்டி மாதம் நூற்றுக்கு ஒன்றரை என்று வைத்தால் 80,000க்கு மாதம் 1,200, வருடத்துக்கு 14,400. இதைவிட ஆபத்தானது ஒன்று இருக்கிறது. தவணை முடியும் நேரம் வங்கிக்குப் போவீர்கள், "தங்கம் ஏறியிருக்கு மிஸ், மேலே முப்பதாயிரம் தரலாம்" என்பார்கள். அது உங்கள் சங்கிலிக்குக் கிடைத்த லாபம் மாதிரித் தெரியும், ஆனால் கடன்தான் பெருக்கிறது. இந்த ஒரு வார்த்தைக்குத் தலையாட்டி வருடா வருடம் திருப்பி வைத்து, கடைசியில் ஏலத்தில் நகையை விட்ட குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மீட்பதற்கான வழி உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. மட்டக்களப்பில் மழை நவம்பரில் பிடித்தால் ஜனவரி வரை விடாது, மேசன் வேலை படுத்துவிடும். ஆனால் ஜூலை, ஓகஸ்ட், செப்டெம்பர் நல்ல வெயில், கட்டட வேலை ஓடும் காலம். உங்களுக்குச் சம்பளம் இல்லாத மாதங்கள்தான் அவருக்கு உழைப்பு கூடிய மாதங்கள். இரண்டும் ஒன்றையொன்று தாங்கும்படி அமைந்திருக்க, நீங்கள் அவர் காசை மணலிலும் கல்லிலும் போட்டுவிட்டு சங்கிலியை அடகு வைத்திருக்கிறீர்கள். பின்பக்கச் சுவர் மழைக்கு முன் எழும்பாவிட்டால் ஒன்றும் கெட்டுவிடாது. இப்போதிருந்து ஒக்டோபர் முடியும் வரை அவர் உழைப்பிலிருந்து வாரம் 6,000 ஒதுக்க முடிந்தால், பத்து வாரத்தில் 60,000 அடகில் கழியும். பகுதி பகுதியாகக் கட்ட விடுவார்களா என்று வங்கியில் முதலில் கேளுங்கள். விட்டால், முதல் குறையக் குறைய வட்டியும் குறையும். மிச்சத்தைத் தம்பியின் காசில் மிஞ்சும் நூறு இருநூறால் முடிக்க நினைக்காதீர்கள், மழை விட்டு மேசன் வேலை திரும்பியதும் முடித்துவிடுங்கள்.

இனி ஒப்பந்தம். புதிய வருடத்துக் கடிதம் வந்திருக்கும் அல்லது வரப்போகிறது. அதில் ஒரு வரியைத் தேடுங்கள்: ஒப்பந்தக் காலம் செப்டெம்பர் முதல் ஓகஸ்ட் வரையா, ஜூன் வரையா? சம்பளம் பத்துத் தவணையில் வந்தாலும் வேலை பன்னிரண்டு மாதம் என்றால் சேவைக்காலம் அறுபடாது. ஜூனில் முடித்து செப்டெம்பரில் புதிதாகத் தொடங்குவதாக எழுதியிருந்தால், வருடா வருடம் சேவை முறிந்ததாக ஒருநாள் சொல்ல இடம் இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடச் சேவை முடித்தவருக்குப் பணிக்கொடை உண்டு, வருடம் ஒன்றுக்கு அரை மாதச் சம்பளம். ஐந்து வருடமா, ஐந்து தடவை பத்து மாதமா என்ற சண்டைக்கு அப்போது போகாமல் இப்போதே தெளிவாக எழுதச் சொல்லுங்கள். சேமலாப நிதியில் உங்கள் 8 வீதத்தோடு அவர்கள் 12 வீதம் போட வேண்டும். 66,000க்கு மாதம் மொத்தம் 13,200. வருடாந்தக் கூற்றை எடுத்து, பத்து மாதமும் அந்தத் தொகை விழுந்திருக்கிறதா என்று பாருங்கள்.

கணக்காளரிடம் இன்னொன்றும் கேட்கலாம், சம்பளத்தைப் பன்னிரண்டாகப் பிரித்துத் தர முடியுமா என்று. சம்மதித்தால் நிலையியற் கட்டளை தேவையில்லை. ஆனால் வருட நடுவில் விலகினால் வேலை செய்ததற்கு உரிய மீதியைக் கணக்குப் பார்த்துத் தருவோம் என்று எழுத்தில் வேண்டும். எழுதித் தர மாட்டோம் என்றால் பத்துத் தவணையே நல்லது. காசு உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

தம்பியோடு பேசும்போது 66,000 என்ற எண்ணை வாயிலெடுக்காதீர்கள். ஐம்பதாயிரத்து அறுநூறு என்று சொல்லுங்கள். அது பொய்யல்ல.