அப்பாவிடம் ஏன் வாக்குக் கொடுத்தீர்கள்?

*"எங்கள் கணக்காய்வு நிறுவனத்தின் திருகோணமலைக் கிளைக்கு நான் பொறுப்பாளர். சென்ற ஆண்டு எங்களிடம் பயிலுநராக இருந்த மூதூர்ப் பெண் வங்கி இணக்கக்கூற்றைத் தனியாகவே செய்து முடிப்பாள். இப்போது கிண்ணியாவில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறாள். எங்களுக்கு முழுநேர வேலையாள் தேவைப்பட்டதால், 'வேலை ஒன்று வந்திருக்கிறது, விருப்பமா? சம்பளம் நேரில் பேசலாம்' என்று அனுப்பினேன். பதில் இல்லை. தெரிவு கொழும்பில்தான் நடக்கும். அவளுடைய அப்பாவை பஸ் நிலையத்தில் கண்டபோது, இடம் உங்கள் மகளுக்குத்தான் என்று சொல்லியிருந்தேன். செய்தியை எப்படி எழுதியிருக்க வேண்டும்?"*
— கிளைப் பொறுப்பாளர், திருகோணமலை

ஐயா, செய்தியைப் பிறகு பார்ப்போம். தெரிவு கொழும்பில் என்று தெரிந்துகொண்டே, இடம் உங்கள் மகளுக்குத்தான் என்று எந்த அதிகாரத்தில் சொன்னீர்கள்? அந்த மனிதர் அன்றிரவே மகளிடம் கடை வேலையை விட்டுவிடச் சொல்லியிருக்கலாம். கொழும்பில் வேறொருவரை எடுத்தால், இருந்ததும் போன பிள்ளையை அந்த வீட்டில் யார் தேற்றுவது? தகப்பனுக்கு மரியாதை வேண்டியதுதான். ஆனால் உழைக்கப்போகிறவள் மகள். அவளுடைய வேலைச் செய்தி முதலில் அவள் காதுக்குத்தான் போக வேண்டும்.

அவள் ஏன் பதில் எழுதவில்லை என்பதும் இதில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். அப்பாவிடம் இடம் உறுதி, அவளிடம் விருப்பமா என்ற கேள்வி. இரண்டில் எதை நம்புவாள்?

சம்பளத்தை மறைத்ததும் பிழை. மூதூரிலிருந்து தினமும் பஸ் ஏறி வருகிறவள் கையில் வரும் காசைப் பார்த்துத்தான் முடிவெடுப்பாள். சம்பளம் 60,000 ரூபாய் என்றால், ஊழியர் சேமலாப நிதிக்கு அவளுடைய பங்காக 8 வீதம், அதாவது 4,800 ரூபாய் கழியும், கையில் 55,200. நிறுவனம் தன் பங்காக 12 வீதமும், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு 3 வீதமும் சேர்த்துக் கட்ட வேண்டும். அது அவள் சம்பளத்தில் கழியக் கூடாது. கடையில் இதெல்லாம் கிடைக்கிறதா என்று அவளே ஒப்பிட்டுப் பார்க்கட்டும்.

உங்கள் நிறுவனத்தின் உண்மையான தொகையையும் நேரத்தையும் போட்டு, இப்படி எழுதுங்கள்:

"வணக்கம். எங்கள் கிளைக்கு ஒரு கணக்கு உதவியாளர் தேவை. நிரந்தர வேலை, முதல் 6 மாதம் தகுதிகாண் காலம். சம்பளம் 60,000 ரூபாய், கையில் 55,200. காலை 8.30 முதல் மாலை 5 வரை. வங்கி இணக்கக்கூற்றை நீங்கள் தனியாகச் செய்ததைப் பார்த்ததால் எழுதுகிறேன். மற்றவர்களும் விண்ணப்பிப்பார்கள், தெரிவு கொழும்பில், முடிவு என் கையில் இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் சுயவிபரத்தை எனக்கு அனுப்புங்கள். விருப்பமில்லை என்றாலும் ஒரு வரி எழுதுங்கள்."

இதை அனுப்புவதற்கு முன் அந்த அப்பாவைக் கூப்பிட்டு, நான் அவசரப்பட்டு வாக்குக் கொடுத்துவிட்டேன், கடிதம் கையில் வரும்வரை மகள் கடையை விட வேண்டாம் என்று உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். இன்றைக்கே சொல்லுங்கள்.