தேடல் வசதிக்கு டெஸ்ட் கேஸ் எழுதும்போது எதிர்பார்க்கும் விடையாக எதைக் குறிப்பது?

கேள்வி: "மளிகைச் செயலி ஒன்றின் தேடல் வசதியைச் சோதிக்கச் சொல்லியிருக்கிறார்கள். 'கொத்தமல்லி' என்று தேடினால் எது முதலில் வர வேண்டும் என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். 'எதிர்பார்க்கும் விடை' என்ற கட்டத்தில் நான் என்ன எழுதுவது?"

பொருள்களின் பட்டியலை மட்டும் எழுதாதீர்கள். நாளைக்கே ஒரு பொருள் தீர்ந்துபோகும், பட்டியல் மாறும், டெஸ்ட் தோற்கும். தேடலில் எந்தக் கோளாறும் இல்லாமலே அடிக்கடி தோற்கும் டெஸ்ட்டைச் சீக்கிரமே யாரும் மதிக்க மாட்டார்கள்.

ஒரு தேடலுக்கு இதுதான் விடை என்று சொல்ல முடியாவிட்டாலும், இரண்டு தேடல்களின் விடைகளுக்கு இடையில் என்ன உறவு இருக்க வேண்டும் என்று உறுதியாகச் சொல்லிவிடலாம். அந்த உறவை எழுதுங்கள். 1998இல் டி. ஒய். செனும் உடன் பணியாற்றியவர்களும் இந்த முறைக்கு மெட்டமார்ஃபிக் டெஸ்டிங் என்று பெயர் வைத்தார்கள். பெயர்தான் மிரட்டுகிறது, வேலை எளிது.

கொத்தமல்லியையே எடுத்துக்கொள்வோம். முதலில் ஃபில்டர் இல்லாமல் தேடுங்கள், பிறகு '100 ரூபாய்க்குள்' என்ற ஃபில்டருடன் தேடுங்கள். இரண்டாவதில் வரும் ஒவ்வொரு பொருளும் முதலாவதிலும் இருந்தாக வேண்டும். இலை முதலில் வந்ததா, விதை முதலில் வந்ததா என்ற சண்டைக்கே இங்கே இடமில்லை. ஆனால் முதல் பக்கத்தை மட்டும் ஒப்பிட்டால் ஏமாந்துவிடுவீர்கள். எல்லாப் பக்கங்களின் விடைகளையும் திரட்டித்தான் ஒப்பிட வேண்டும். இரண்டு தேடல்களுக்கும் நடுவில் சரக்கு இருப்பு மாறாதபடி, உறைய வைத்த தரவு நகல் ஒன்றின் மேல் ஓட்டுவது நல்லது.

தமிழில் தேடுபவர்கள் இருந்தால் அடுத்த உறவைத் தவறவிடக் கூடாது. 'கொ' என்ற எழுத்தைக் கணினி இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்துடன் ஒரே குறியாக U+0BCA, அல்லது ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாக U+0BC6, U+0BBE. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். எழுத்துருவை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் வித்தியாசம் பிடிபடாது. தேடும் சொல்லையும் பொருளின் பெயரையும் ஒரே வடிவத்துக்குக் கொண்டுவராத தேடல், ஒன்றுக்கு முழுப் பட்டியலையும் மற்றதற்கு வெறும் பக்கத்தையும் தந்துவிடும்.

```
a = "க\u0bcaத்தமல்லி"
b = "க\u0bc6\u0bbeத்தமல்லி"
assert ids(search(a)) == ids(search(b))
```

இது தோற்றால் விவாதிக்க எதுவும் இல்லை. நேராக டெவலப்பரிடம் கொடுத்து, தேடும் சொல்லையும் பொருளின் பெயரையும் NFC வடிவத்துக்கு, அதாவது 'கொ'வின் கொம்பையும் காலையும் ஒரே குறியாகச் சேர்க்கும் யூனிகோட் வடிவத்துக்கு, மாற்றச் சொல்லுங்கள்.

இந்த உறவுகள் எல்லாம் சரியாக இருந்தும் தேடல் மட்டமாக இருக்கலாம். கொத்தமல்லிக்குக் கொத்தமல்லி வாசனைச் சோப்பு முதலிடத்தில் நின்றால் மேலே சொன்ன எந்த டெஸ்ட்டும் அதைப் பிடிக்காது. வரிசையைச் சோதிக்க மனிதர்கள் மதிப்பெண் போட்டே ஆக வேண்டும். மக்கள் உண்மையில் தேடிய சொற்களில் சிலவற்றை எடுத்து, ஒவ்வொரு பொருளுக்கும் 0 முதல் 3 வரை இரண்டு பேரைத் தனித்தனியாகப் போடச் சொல்லுங்கள். ஒருவர் இலைக்கு 3, விதைக்கு 1 போட, மற்றவர் அதைத் தலைகீழாகப் போட்டால், குறை தேடலில் இல்லை. விதியை நீங்கள் இன்னும் எழுதவில்லை. உங்கள் கடையில் இலைதான் அதிகம் போகிறது என்றால் இலைக்கு 3, விதைக்கு 2, சோப்புக்கு 0 என்று எழுதிவைத்துவிடுங்கள்.

இப்போது சோப்பு, இலை, விதை என்ற வரிசையில் விடை வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மதிப்பெண்ணையும் log2(இடம் + 1) ஆல் வகுத்துக் கூட்டினால் 0 + 1.89 + 1 = 2.89. சிறந்த வரிசையான இலை, விதை, சோப்புக்கு 3 + 1.26 + 0 = 4.26. ஒன்றை மற்றதால் வகுத்தால் 0.68. என்டிசிஜி என்று சொல்வது இதைத்தான். 0.68 நல்லதா கெட்டதா என்று தனியாகக் கேட்பதில் பயனில்லை. போன வெளியீட்டில் இதே சொல்லுக்கு எவ்வளவு இருந்தது என்று பாருங்கள். மொத்தச் சராசரி ஏறியிருக்கும்போதே பத்துச் சொற்கள் பாதாளத்துக்குப் போயிருக்கலாம், அதனால் அதிகம் சரிந்த சொற்களைத் தனியே எடுத்துப் படியுங்கள்.

அப்படிப் படிக்கும்போது, புதிதாக மேலே வந்த பொருளுக்கு யாராவது மதிப்பெண் போட்டிருக்கிறார்களா என்று முதலில் பாருங்கள். போடாததைப் பெரும்பாலான நிரல்கள் 0 என்றே எடுத்துக்கொள்ளும். பழைய தேடல் காட்டிய பொருள்களுக்கு மட்டுமே மதிப்பெண் இருந்தால், அது கண்டுபிடிக்காத நல்ல பொருளைப் புதிய தேடல் கொண்டுவந்ததற்கே தண்டனை விழும். விடுபட்டவற்றுக்கு மதிப்பெண் போட்டுவிட்டு மறுபடியும் கணக்கிடுங்கள். வெளியீட்டை நிறுத்தச் சொல்வதா என்பதை அதன் பிறகு முடிவு செய்யலாம்.