மெனோபாஸுக்கு ஹார்மோன் சிகிச்சை: எனக்குச் சரிவருமா?

கேள்வி: எனக்கு 51 வயது. மாதவிடாய் நின்று ஒன்றரை வருடம் ஆகிறது. இரவில் நாலைந்து முறை உடம்பு தகித்து, நைட்டி நனைந்து எழுந்துவிடுகிறேன். டாக்டர் ஹார்மோன் எடுக்கலாம் என்கிறார். கர்ப்பப்பை இருக்கிறது. பிரஷருக்கு மாத்திரை சாப்பிடுகிறேன். பெரியம்மாவுக்கு 70 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. பயமாக இருக்கிறது.

பதில்: இந்தப் பயம் பெரும்பாலும் 2002-இல் அமெரிக்காவில் பாதியில் நிறுத்தப்பட்ட ஒரு பெரிய ஆய்விலிருந்து வந்தது. அதில் சேர்ந்த பெண்களின் சராசரி வயது 63. ஈஸ்ட்ரோஜனும் புரோஜெஸ்டின் வகை மருந்தும் கலந்த மாத்திரையைச் சாப்பிட்டவர்களில், வருடத்துக்குப் பத்தாயிரம் பேருக்குச் சுமார் 8 பேருக்குக் கூடுதலாக மார்பகப் புற்றுநோய் வந்தது. அபாயம் உண்டு, ஆனால் சிறியது. எடுக்கும் வருடங்கள் கூடக்கூட அதுவும் கூடும். கர்ப்பப்பை எடுத்துவிட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் சாப்பிட்டவர்களிடம் அந்தக் கூடுதல் தெரியவில்லை.

அப்படியென்றால் உங்களுக்கும் ஈஸ்ட்ரோஜன் மட்டும் போதாதா? போதாது. அது கர்ப்பப்பையின் உள்சவ்வைத் தடிமனாக்கி, அங்கே புற்றுநோய்க்கு வழிவிடும். அதைத் தடுக்கத்தான் புரோஜெஸ்டிரோன் என்ற இன்னொரு ஹார்மோன். மேலே சொன்ன புரோஜெஸ்டின், அதைப்போலவே வேலை செய்யும் செயற்கை மருந்து.

உங்கள் வயது சாதகமானது. அறுபதைத் தாண்டாமலும் மாதவிடாய் நின்று பத்து வருடம் ஆகாமலும் இருப்பவர்களுக்கு, தொந்தரவு இவ்வளவு இருந்தால் பலன்தான் பெரும்பாலும் மேலோங்கும். இந்தத் தகிப்புக்கு இதைவிட நன்றாக வேலை செய்யும் மருந்து இல்லை. எலும்புத் தேய்மானத்தையும் தடுக்கும். பெரியம்மாவுக்கு அந்த வயதில் வந்ததை மட்டும் வைத்து நான் மறுக்க மாட்டேன். அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ இளம் வயதில் வந்திருந்தால் அது வேறு பேச்சு.

என்னிடம் வந்திருந்தால் முதலில் பிரஷரைக் கட்டுக்குள் கொண்டுவருவேன், மேமோகிராம் எடுக்கச் சொல்வேன். அப்புறம் மாத்திரைக்குப் பதில் ஈஸ்ட்ரோஜன் ஜெல். குளித்துத் துவட்டியபின் கையிலோ தொடையிலோ தடவி, காயவிட்டு உடுத்திக்கொள்ளலாம். மாத்திரை ஈரல் வழியாகப் போவதால் ரத்தக்கட்டு வாய்ப்பைக் கூட்டும். தோல் வழி போவது அப்படிக் கூட்டுவதாகத் தெரியவில்லை. கூடவே இரவில் 100 மில்லிகிராம் இயற்கைப் புரோஜெஸ்டிரோன். தூக்கம் வரவைக்கும் என்பதால் படுக்கும்போதுதான் சாப்பிட வேண்டும். ஜெல்லைத் தடவிவிட்டு இதை மறப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்தத் தவறு மட்டும் வேண்டாம்.

மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள், மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், கடுமையான ஈரல் நோய் இருப்பவர்கள், காரணம் தெரியாத ரத்தப்போக்கு உள்ளவர்கள் ஆகியோருக்கு இது வேண்டாம். காலிலோ நுரையீரலிலோ ரத்தம் கட்டியிருந்தாலும் பொதுவாகத் தருவதில்லை. இவர்களுக்கு வென்லாஃபாக்சின், காபாபென்டின் போன்ற ஹார்மோன் இல்லாத மருந்துகள் ஓரளவு உதவும்.

சில வாரங்களில் வியர்வை குறையத் தொடங்கும். முதல் மூன்று மாதங்களில் லேசாகத் திட்டுத்திட்டாக ரத்தம் படலாம். ஆறு மாதம் தாண்டியும் பட்டாலோ, நின்றது திரும்ப வந்தாலோ காத்திருக்காமல் கர்ப்பப்பையை ஸ்கேன் செய்து பார்க்க வேண்டும்.