வாசகர் யார் என்பது பதில்களிலேயே இருக்கிறது

“ஏற்காட்டுக் காப்பி வளர்ப்பு பற்றி எழுதுகிறேன். வாசகர்கள் எழுதிய கருத்துகளும் 40 கணக்கெடுப்புப் பதில்களும் இருக்கின்றன. ‘வயது 45, சிறு விவசாயி’ என்று ஒரு வாசகரைக் கற்பனையில் வரைந்தேன். ஆனாலும் கட்டுரை யாரிடமும் பேசவில்லையே?”

வணக்கம். வயதையும் தொழிலையும் விடுங்கள். எந்த நெருக்கடி அவரைக் கேட்க வைத்தது என்று பாருங்கள். ஒவ்வொரு பதிலையும் தனிச் சீட்டில், அவர் சொன்ன சொற்களிலேயே எழுதி, ஒரே நெருக்கடி உள்ளவற்றைச் சேர்த்து வையுங்கள்.

உதாரணமாக, “ஞாயிறு மட்டும்தான் தோட்டத்துக்குப் போக முடிகிறது”, “செடி மஞ்சளடிக்கிறது, ஆள் சொல்வதை நம்புவதா?” என்ற வரிகள் ஒரே சீட்டுக் கட்டுக்குள் விழலாம். சேலத்தில் வேலை, மலையில் அப்பா விட்டுப்போன இரண்டு ஏக்கர், பார்த்துக்கொள்ள ஓர் ஆள்: இவர்தான் உங்கள் வாசகர். தண்டுத் துளைப்பான் பற்றி எழுதினால், பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சி இவருக்கு முதலில் வேண்டாம். தண்டில் வளையம் போன்ற புடைப்பு இருக்கிறதா என்று ஞாயிற்றுக்கிழமை தடவிப் பார்ப்பது எப்படி, தாக்கிய செடியைப் பிடுங்கி எரிக்க ஆளிடம் எப்படிச் சொல்வது என்பதே வேண்டும்.

வரைந்த வாசகர் சரியா என்று அறிய, பழைய கட்டுரை ஒன்றை எடுங்கள். அவருக்காக எந்தப் பத்தியையும் நீக்கத் தோன்றவில்லை என்றால் அவர் இன்னும் பொதுவானவர்தான். மலையிலேயே வசிக்கும் விவசாயியை இவரோடு கலக்காதீர்கள்; அவருக்குத் தனிக் கட்டுரை எழுதுங்கள்.

கருத்து எழுதுபவர்கள் வாய் திறப்பவர்கள் மட்டுமே. அடுத்த கணக்கெடுப்பில் “என்ன வேண்டும்?” என்று கேட்காமல், “கடைசியாக எதற்குத் தகவல் தேடினீர்கள், பிறகு என்ன செய்தீர்கள்?” என்று கேளுங்கள்.