சுவருக்கு வெளியே இருந்தால் துறைமுக நிலம் இல்லையா?

கேள்வி: துறைமுகச் சுற்றுச்சுவருக்கு வெளியே, கடலோரமாக ஒரு கிடங்கை வாடகைக்குத் தருவதாக இடைத்தரகர் ஒருவர் சொல்கிறார். மாநகராட்சி வரி ரசீதைக் காட்டி, "சுவருக்கு வெளியே இருப்பதெல்லாம் ஊர் நிலம், துறைமுகத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை" என்கிறார். முன்பணம் கொடுக்கலாமா? துறைமுகத்தின் எல்லையை யார்தான் முடிவு செய்கிறார்கள்?

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். நீங்கள் பார்க்கும் சுவர் பெரும்பாலும் சுங்கத்துக்கும் பாதுகாப்புக்கும் கட்டியது. சரக்கு தீர்வை கட்டாமல் வெளியே போகக் கூடாது என்பதற்காக உள்ள சுவர் அது. சுங்கப் பகுதியின் எல்லையைச் சுங்கச் சட்டத்தின்கீழ் சுங்க ஆணையர் குறிக்கிறார். துறைமுகத்தின் சட்ட எல்லை வேறு. துறைமுகத்துக்குச் சொந்தமான நிலத்தின் எல்லை அதைவிடவும் வேறு. இந்த மூன்று கோடுகளும் ஒன்றின்மேல் ஒன்று பொருந்தி வருவது அபூர்வம். தரகர் பிழைப்பு நடத்துவதே இந்த இடைவெளியில்தான்.

முதலில் சட்ட எல்லை. அதை அரசு அரசிதழ் அறிவிக்கை மூலம் நிர்ணயிக்கிறது. கரையில் ஒரு புள்ளியில் தொடங்கி, கடலுக்குள் அட்சரேகை, தீர்க்கரேகை சொல்லிச் சில புள்ளிகளைத் தொட்டு, மறுபடி கரைக்கு வரும் ஒரு கோடு அது. கப்பல் நங்கூரமிட்டுக் காத்திருக்கும் நீர்ப்பரப்பும் உள்ளே வரும் கால்வாயும் இதில் அடங்கும். ஆக, எல்லையின் பெரும்பகுதி தண்ணீர்தான்.

நிலத்தின் பக்கம் எவ்வளவு தூரம் வரலாம்? 1908-ம் ஆண்டின் இந்தியத் துறைமுகங்கள் சட்டம் இதற்கு ஓர் அளவு வைத்திருந்தது. அதற்குப் பதிலாக 2025-ல் புதுச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் உங்கள் கைக்கு வரப்போகும் அறிவிக்கை அநேகமாகப் பழைய சட்டத்தின்கீழ் வந்ததாகவே இருக்கும் என்பதால் அந்த அளவையே சொல்கிறேன். உயர்நீர்க் கோட்டிலிருந்து 50 கெஜத்துக்குள், அதாவது சுமார் 46 மீட்டருக்குள் உள்ள கரையை எல்லையில் சேர்க்கலாம் என்றது அந்தச் சட்டம். பொதுப் போக்குவரத்துக்காகக் கட்டிய துறைமேடை, படகுத்துறை போன்ற கட்டுமானங்களுக்கு இந்த 50 கெஜக் கட்டுப்பாடு இருக்கவில்லை. உயர்நீர்க் கோடு என்பது வருடத்தின் எந்தப் பருவத்திலும் வழக்கமான பௌர்ணமி, அமாவாசை ஓதம் தொடும் மிக உயர்ந்த இடம். புயலில் தண்ணீர் ஏறிய இடம் அல்ல.

இன்னொன்றும் கவனியுங்கள். கடலோர ஒழுங்குமுறை மண்டல வரைபடத்தில் ஓதக்கோடு ஒன்று இருக்கும். அது கட்டட அனுமதிக்கானது. "பாருங்கள், அரசாங்க வரைபடத்திலேயே துறைமுகம் என்று போடவில்லை" என்று அதை விரித்துக் காட்டுவார்கள். அந்த வரைபடத்தில் துறைமுக எல்லையைத் தேடுவது வீண் வேலை.

உங்கள் கிடங்கையே எடுத்துக்கொள்வோம். அது உயர்நீர்க் கோட்டிலிருந்து 35 மீட்டரில் இருந்தால் துறைமுக எல்லைக்குள் வந்திருக்க வாய்ப்பு உண்டு. அதனாலேயே அது துறைமுகத்தின் சொத்து ஆகிவிடாது. எல்லைக்குள் கரையைச் சேர்க்க அனுமதித்த அதே பிரிவு, தனியார் சொத்துரிமைக்கு உட்பட்டே சேர்க்கலாம் என்றும் சொன்னது. இதை அழுத்திச் சொல்லக் காரணம், துறைமுக அலுவலகங்களிலேயே சிலர் இதை மறந்துவிடுகிறார்கள். தலைமுறைகளாகப் பத்திரம் வைத்திருக்கும் குடும்பத்தைப் பார்த்து "எல்லைக்குள் இருக்கிறீர்கள், காலி செய்யுங்கள்" என்று மிரட்டுவது தவறு. எல்லை என்பது அதிகார வரம்பு. கரையில் என்ன கட்டலாம், படகை எங்கே கட்டலாம், குப்பையை எங்கே கொட்டக் கூடாது என்பதில் துறைமுகத்தின் சொல் அங்கே செல்லும். உடைமை மாறுவதற்குக் கையகப்படுத்தல் வேண்டும், இழப்பீடு வேண்டும். வாடகைக்கு விடுபவரிடம் உண்மையான தாய்ப்பத்திரம் இருந்து, தொடர்ச்சி அறுபடாமல் வந்திருந்தால், கிடங்கு 35 மீட்டரில் இருந்தாலும் அவர் அதை வாடகைக்கு விடலாம்.

தலைகீழாகவும் நடக்கும். உங்கள் கிடங்கு 60 மீட்டரில், ஏன், ஊருக்குள் ஒரு கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் துறைமுகத்தின் சொந்த நிலமாக இருக்கலாம். ரயில் தடத்துக்கும் ஊழியர் குடியிருப்புக்கும் சரக்குக் கிடங்குக்கும் என்று வாங்கிய நிலங்கள் நகரத்துக்குள் சிதறிக் கிடக்கின்றன. பெரும்பாலானவர்கள் ஏமாறுவது இங்கேதான். வில்லங்கச் சான்று சுத்தமாக வரும். பத்திரப்பதிவு ஆனவை மட்டும்தான் அதில் ஏறும். பல பத்தாண்டுகளுக்கு முன் அரசு கையகப்படுத்தித் துறைமுகத்திடம் ஒப்படைத்த நிலம் அதில் வராமலே போகலாம். வரி ரசீதும் அப்படித்தான். கட்டடத்தை அனுபவிப்பவர் பெயரில் மாநகராட்சி வரி போடும். நிலம் யாருடையது என்று அது தீர்ப்புச் சொல்வதில்லை.

மாநகராட்சி வரி வாங்குகிறது, ஆனால் துறைமுகத்தின் நிர்வாகம் அதன் கையில் இல்லை. ஏன் இப்படி? அரசியலமைப்பிலேயே அப்படிப் பிரித்திருக்கிறார்கள். பெரிய துறைமுகங்கள் என்று சட்டப்படி அறிவிக்கப்பட்டவையும் அவற்றின் எல்லை வரையறையும் ஒன்றியப் பட்டியலில் உள்ளன. உள்ளாட்சி மாநிலப் பட்டியலில் இருக்கிறது. மற்றத் துறைமுகங்கள் பொதுப் பட்டியலில் வருகின்றன. காரணமும் நியாயமானதே. மாநகராட்சி வார்டு மக்களுக்குப் பதில் சொல்ல வேண்டிய அமைப்பு. துறைமுகத்தின் செலவோ ஆழப்படுத்துவதற்கும் கப்பலை வழிநடத்துவதற்கும் போகிறது. அதன் பலனை அனுபவிப்பவர்கள் பல மாவட்டங்கள் தள்ளியிருக்கும் ஆலைகளும் வணிகர்களும். கப்பல்களிடம் வசூலிக்கும் கட்டணம் தெருவிளக்குக்குப் போய்விட்டால் கால்வாய் தூர்ந்துவிடும். ஆபத்தில் உள்ள கப்பலை நகர்த்த உத்தரவிட ஒரே ஓர் அதிகாரிதான் இருக்க வேண்டும். மாமன்றக் கூட்டம் கூடும்வரை கப்பல் நிற்காது.

பிரித்ததில் எனக்குக் குறையில்லை. பிரித்தவர்கள் எல்லை வரைபடத்தை மக்கள் கண்ணில் படும்படி வைக்காததுதான் கோபம் வரவழைக்கிறது. நிலப் பட்டியலைச் சர்வே எண்ணோடு இணையத்தில் போட்டால் தரகர்களில் பாதிப்பேர் கடையை மூடிவிடுவார்கள். மாநகராட்சியைக் கேட்டால் துறைமுகத்தைக் கை காட்டும். துறைமுகம் திருப்பி மாநகராட்சியைக் காட்டும்.

கடற்கரையே நகர்கிறது என்பதையும் மனதில் வையுங்கள். சென்னைத் துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் வந்தபின் தெற்கே மணல் சேர்ந்து மெரினா அகன்றது, வடக்கே கரை அரித்தது. புதிதாகச் சேர்ந்த மணலில் "பட்டா வாங்கித் தருகிறேன்" என்று யாராவது சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள்.

செய்ய வேண்டியது இதுதான். கிடங்கின் சர்வே எண்ணை எழுத்தில் வாங்குங்கள். அது துறைமுகத்தின் நிலப் பதிவேட்டில் உள்ளதா, யாருக்கு எந்தத் தேதிவரை குத்தகை விடப்பட்டுள்ளது, உள்குத்தகைக்கு அனுமதி தந்திருக்கிறார்களா என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். தரகர் "அதற்குள் இடம் போய்விடும்" என்பார். போகட்டும்.

அனுமதியில்லாத உள்குத்தகையில் நுழைந்துவிட்டால், பெரிய துறைமுகங்களில் வழக்கு வழக்கமான சிவில் நீதிமன்றத்துக்குப் போகாது. 1971-ம் ஆண்டின் பொது வளாகங்கள் சட்டப்படி துறைமுகத்தின் எஸ்டேட் அதிகாரியே நோட்டீஸ் அனுப்பி, விசாரித்து, வெளியேற்ற உத்தரவிடுவார். அதை எதிர்த்து மாவட்ட நீதிபதியிடம் மேல்முறையீடு செய்ய உங்களுக்குக் கிடைப்பது 12 நாட்கள். முன்பணம் வாங்கிய தரகரின் பெயர் அந்தக் கோப்பில் எங்கேயும் இருக்காது.