தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு, கன்னத்தில் பிளாஸ்டிக் பூச்சு

"அண்ணை, அப்பாவின் ஆண்டுத் திவசத்துக்கு 1997 கலியாண வீட்டுக் குழுப்படத்தில் இருந்து அவரின் முகத்தை மட்டும் எடுத்து, கிளிநொச்சியில் ஒரு கடையில் பெருப்பித்தோம். தலையைச் சுற்றி வெள்ளைக் கோடு, முகம் பிளாஸ்டிக். அம்மா 'இது அவர் இல்லை' என்கிறா. பழைய படம் கையில் இருக்கிறது. போனில் கொஞ்சம் ப்ளர் பண்ணினால் சரிவருமா?"

ப்ளர் வேண்டாம், தம்பி. கறுப்பு முடியும் வெளிறிய சுவரும் சந்திக்கிற இடத்தில் முடியை இன்னும் கறுப்பாக்கி, சுவரை இன்னும் வெளுப்பாக்குவதுதான் ஷார்ப் ஆக்குகிற வேலை. அது மிஞ்சிப்போனால் கோடாகத் தெரியும். மங்கலாக்கினால் அந்தக் கோடு இன்னும் அகலமாகும், அவ்வளவுதான்.

பிளாஸ்டிக் முகம் வேறு கதை. குழுப்படத்தில் அப்பாவின் முகம் ஒரு சென்ரிமீற்றர் அகலம் என்று வைப்போம். 600 dpi இல், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியாக, ஸ்கான் பண்ணினால் அந்த முகத்துக்குக் கிடைப்பது ஏறத்தாழ 236 புள்ளிகள். அதை மூன்று அங்குல முகமாக அடித்தால் அங்குலத்துக்கு 80 புள்ளிகூட இல்லை. மீதியைப் பெருப்பிக்கிற செயலி தானே ஊகித்து நிரப்புகிறது, வேறு ஆரோ ஒருவரின் தோலும் இமையும் வந்து சேருகின்றன. பழைய படத்தில் இல்லாத வெள்ளைப் பொட்டு இரண்டு கண்மணியிலும் ஒரே அளவில் மினுங்குகிறதா என்று பாருங்கள். மினுங்கினால் அம்மா சொன்னது சரி.

அதனால் கடைக்காரர் தந்த கோப்பை நம்பித் தொடங்காதீர்கள். பழைய படத்தை 600 இல் ஸ்கான் பண்ணுங்கள், ஸ்கானரில் தானாகத் திருத்துகிற எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, TIFF அல்லது PNG ஆக. வட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பச் சொன்னால் மறுத்துவிடுங்கள், 'டொக்கியூமென்ற்' ஆக வேண்டும். எங்கள் பக்கம் இடம்பெயர்வில் அல்பம் தொலைத்த வீடுகள் எத்தனையோ, அதுதெரிந்தே "எச்டி ஆக்கித் தாறம்" என்று படத்தை வாங்கி, போனில் ஒரு பொத்தானை அமத்திவிட்டு, ஸ்கானைத் தராமல் காசு வாங்குகிற இடைத்தரகர்களும் இருக்கிறார்கள். ஒரே பிரதி என்றால் கையை விட்டுக் கொடுக்காதீர்கள், பக்கத்தில் நின்று ஸ்கான் பண்ணி வாங்கி வாருங்கள். ஒரு சின்ன ஸ்கானரை ஒழுங்காகப் பாவிக்கத் தெரிந்த கடை ஊருக்கு ஒன்றாவது இருக்கக் கூடாதா?

இனி GIMP என்ற படத்திருத்தச் செயலி. ஸ்கானில் முகத்தை வெட்டி, கடைக்காரரின் படத்தின் அளவுக்குப் பெருப்பித்து அடியில் வையுங்கள். கடைப் படத்தை மேலே வைத்து, பாதி தெரிகிற மாதிரி ஆக்கி, கண்ணோடு கண் பொருத்துங்கள். பிறகு மேல் அடுக்கின் Opacity ஐ 30க்கு இறக்குங்கள். அந்த அடுக்குக்கு ஒரு மாஸ்க் போட்டு, கண், மூக்கு, வாய், மீசை மேல் கறுப்புத் தூரிகையால் பூசுங்கள், அங்கே பழைய படம் மட்டும் நிற்கும். கொஞ்சம் மங்கல்தான். ஆனால் அது அப்பா. முடிக்கும் சேட்டுக்கும் கடைப் படத்தின் கூர்மை கொஞ்சம் இருந்தால் பரவாயில்லை.

இவ்வளவில் கோடு பெரும்பாலும் அடங்கிவிடும். மிச்சத்துக்கு, அடுக்குகளை ஒன்றாக்கி, Clone கருவியின் Mode ஐ Darken only ஆக்கி, கோட்டுக்குச் சற்று வெளியே உள்ள சுவரை மாதிரியாக எடுத்துக் கோட்டின் மேல் பூசுங்கள். சுவரைவிட வெளுத்த புள்ளிகள் மட்டும் மாறும், முடியில் கை படாது.

ஒன்றில் அவசரப்படாதீர்கள். எல்லா வெள்ளை விளிம்பும் பிழை இல்லை. பின்னால் வெயில் அடிக்க எடுத்த படத்தில் முடி உண்மையாகவே மினுங்கும், அதை அழித்தால் தலை வெட்டி ஒட்டினது போல் ஆகிவிடும். உண்மை வெளிச்சம் பெரும்பாலும் ஒரு பக்கத்தில்தான் இருக்கும், முடிக்கு முடி விட்டுவிட்டு வரும், பழைய படத்திலும் அதே இடத்தில் இருக்கும். ஷார்ப் போட்ட கோடோ சுற்றிவர ஒரே அகலம், தோளிலும் கொலரிலும்கூட விடாது. சந்தேகம் வந்தால் பழைய படத்தைத்தான் கேளுங்கள், கடைக்காரரை அல்ல.

கடைசியாக, பழைய படங்களில் மணல் தூவினது போல் தெரிகிற துணுக்குப் பொட்டு. மேலே புதிய அடுக்கொன்று, நிறம் 808080, Mode இல் Soft light. அதில் RGB Noise போடுங்கள், Independent RGB ஐ எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் நிறப்பொட்டு வரும். முழுப் படத்துக்கும் ஒரே அளவாக வந்தால்தான் கன்னத்தின் வழவழப்பு மறைந்து, இரண்டு படமும் ஒன்றாகத் தெரியும். அச்சளவில் பார்த்துக் கூட்டிக் குறையுங்கள், போன் திரையை நம்பாதீர்கள்.

அளவு 5க்கு 7 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள், பெரிய பிளெக்ஸ் ஆசை வேண்டாம். முதலில் ஒரு பிரதி அடித்துப் பாருங்கள். அச்சிடுகிற மெஷினிலும் தானியங்கித் திருத்தம் இருக்கும், அது திரும்ப ஷார்ப் போட்டுவிடும். அதை நிறுத்திவிட்டு அடிக்கச் சொல்லிக் கேளுங்கள், முகம் சுளித்தாலும் கேளுங்கள்.