வட்டத்துக்கு வெளியே நிற்கும் பூச்சியத்தை உள்ளே இழுக்கலாமா?

கேள்வி: இ.சி.ஜி. ப்ராஜெக்டுக்காக 41 குணகங்கள் கொண்ட சமச்சீர் எஃப்.ஐ.ஆர். ஃபில்டர் அமைத்தேன், நொடிக்கு 250 மாதிரிகள். சில பூச்சியங்கள் அலகு வட்டத்துக்கு வெளியே விழுந்தன. நிலைத்தன்மை கெடும் என்று பயந்து அவற்றைத் தலைகீழாக்கி உள்ளே கொண்டுவந்தேன். வீச்சு வரைபடம் மாறவில்லை, ஆனால் QRS அலைக்குப் பின்பக்கம் கோணலாகிவிட்டது. ஏன்?
— பொறியியல் மாணவி, காட்பாடி

பதில்: பயமே தேவையில்லாதது. நிலைத்தன்மையைத் தீர்மானிப்பவை துருவங்கள், எஃப்.ஐ.ஆர். ஃபில்டரில் அவை எல்லாம் z = 0-இல்தான் இருக்கின்றன. பூச்சியம் எங்கே நின்றாலும் ஃபில்டர் நிலையானதே. நீங்கள் உள்ளே இழுத்தது ஒரு ஜோடியின் பாதியை.

குணகங்களை வலமிருந்து இடமாகத் திருப்பி எழுதினால் பூச்சியங்கள் எல்லாம் தலைகீழாகும். சமச்சீர் வரிசையோ திருப்பினாலும் மாறாது. எனவே a ஒரு பூச்சியம் என்றால் 1/a-யும் பூச்சியமாகத்தான் இருக்க வேண்டும். குணகங்கள் மெய்யெண்கள் என்பதால், r தூரத்தில் θ கோணத்தில் நிற்பதற்கு அதே கோணத்தில் 1/r தூரத்தில் ஒரு துணை உண்டு.

இந்த ஜோடி தரும் தாமதத்தைப் பாருங்கள். D = 1 + r² − 2r cos(ω−θ) என்று வைத்துக்கொண்டால், உள்ளே இருப்பது தருவது (r² − r cos(ω−θ))/D, வெளியே இருப்பது தருவது (1 − r cos(ω−θ))/D. கூட்டினால் D/D, அதாவது எந்த அதிர்வெண்ணிலும் சரியாக ஒரு மாதிரி. நேர்கோட்டுக் கட்டம் பிறப்பது இங்கேதான். வட்டத்தின் மேலேயே நிற்கும் பூச்சியம் தனக்குத்தானே துணை; அதன் பங்கு அரை மாதிரி. (அந்த அதிர்வெண்ணில் கட்டம் 180 பாகை தாவும். வெளியீடு அங்கே பூச்சியம்தான் என்பதால் பாதகமில்லை.) உங்கள் 40 பூச்சியங்களுக்கு 20 மாதிரித் தாமதம், 80 மில்லி நொடி.

கையால் போட்டுப் பார்க்க [2, 5, 2] போதும். பூச்சியங்கள் −0.5, −2. ω = 0-இல் அவற்றின் தாமதம் 1/3, 2/3; ω = π-இல் −1, 2. இரண்டிலும் கூட்டுத்தொகை 1. −2-ஐ உள்ளே இழுத்தால் [4, 4, 1] கிடைக்கும். வீச்சு அப்படியே இருக்கும்: ω = 0-இல் 9, π-இல் 1. தாமதமோ ω = 0-இல் 2/3, π-இல் −2.

உங்கள் இ.சி.ஜி.யில் நடந்ததும் இதுதான். QRS-இன் வேகமான கூறுகளும் மெதுவான கூறுகளும் வெவ்வேறு நேரத்தில் வந்து சேர்கின்றன. முன்பு இருபுறமும் சமமாகப் பிரிந்திருந்த சிற்றலைகள் முழுவதும் பின்பக்கம், ST பகுதியின் மேல் விழுகின்றன. மருத்துவர் முக்கியமாகப் பார்க்கும் இடமே அது.

பழைய குணகங்களுக்கே திரும்புங்கள். மூல அலையோடு ஒப்பிட, வெளியீட்டின் முதல் 20 மாதிரிகளை வெட்டிவிடுங்கள். சமச்சீரைச் சோதிக்கப் பூச்சியங்களை நம்பாதீர்கள். 40 படிக் கோவையின் மூலங்களைக் கணினி சற்றுப் பிசகாகவே தரக்கூடும். குணகங்களையே பாருங்கள்:

```
np.allclose(h, h[::-1])
```